ஏழு கம்பெனிகளுக்கு ஒரே விலாசம்

எண்பதுகளின் நடுவில், டில்லியில் கன்னாட் பிளேஸுக்கு அருகே ஒரு கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன். தொழிற்சாலை ஃபரீதாபாதில் இருந்தது. மின்சார சுவிட்சுகளும் மோட்டார்களும் செய்தார்கள். எனக்குப் பங்குப் பிரிவு. யாராவது எங்கள் கம்பெனியின் பங்கை வாங்கினால், வாங்கியவர் பத்திரத்தையும், விற்றவர் கையெழுத்துப் போட்ட டிரான்ஸ்ஃபர் பாரத்தையும் எங்களுக்கு அனுப்புவார். விற்றவரின் கையெழுத்தை எங்களிடம் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் பதிவேட்டில் பழைய பெயரை அடித்துப் புதிய பெயரை எழுத வேண்டும். வாரத்துக்கு இருபது, முப்பது பாரங்கள் வரும். அன்றன்று வந்தவை பதினோரு மணிக்குள் முடிந்துவிடும்.

அந்த ஆண்டு தீபாவளிக்குப் பிறகு தபால் பை பெருத்தது. முதலில் ஐம்பது, பிறகு நூறு, ஒரு திங்கட்கிழமை இருநூற்றுக்கும் மேல். விற்றவர்கள் மீரட், கான்பூர், கோல் மார்க்கெட், கரோல் பாக் என்று பல இடத்துக்காரர்கள். கம்பெனி முதன்முதலில் பொதுமக்களுக்குப் பங்கு விற்றபோது ஐம்பதும் நூறுமாக வாங்கிய குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள். வாங்கியவர்கள் ஐந்து முதலீட்டுக் கம்பெனிகள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பெயர்கள்.

எனக்கு எதையும் இரண்டு தடவை படிக்கும் பழக்கம் உண்டு. பெயர்மாற்றிய பத்திரங்களை எங்கே அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொரு கம்பெனியும் தனிக் கடிதம் வைத்திருந்தது. ஐந்து கடிதங்களையும் மேஜையில் பரப்பினேன். பம்பாயில் ஒரே தெரு, ஒரே கட்டடம், நான்காவது மாடியில் ஒரே அறை எண்.

கூட்டிப் பார்த்தேன். ஐந்தும் சேர்ந்து எங்கள் பங்குகளில் இருபத்திரண்டு சதவீதம் வைத்திருந்தன. கம்பெனியை நடத்திய எம்.டி.யின் குடும்பத்திடமே பதினான்குதான் இருந்தது. முப்பது சதவீதம் அரசாங்க நிதி நிறுவனங்களிடம். மீதியெல்லாம் சின்னச் சின்னக் கைகளில்.

கடிதங்களை எடுத்துக்கொண்டு என் மேலதிகாரியான கம்பெனி செக்ரெட்டரியின் அறைக்குப் போனேன். கும்பகோணம் பக்கத்துக்காரர், ஓய்வுபெற ஒன்றரை வருஷம் பாக்கி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ஏம்மா, ஏன் அஞ்சு கம்பெனின்னு யோசிச்சியா?"

"ஒரே கம்பெனி இன்னொரு கம்பெனியில பத்து சதவீதத்துக்கு மேல வாங்கினா அரசாங்க அனுமதி கேக்கணும். அதனால பிரிச்சு வாங்கறாங்க சார்."

"அது ஒண்ணு. இன்னொண்ணு இருக்கு." அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு ஃபைலை எடுத்தார். பங்குச் சந்தையில் எங்கள் பங்கு விற்பனையாவதற்காகக் கம்பெனி சந்தையோடு செய்துகொண்ட ஒப்பந்தம். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "யாராவது இருபத்தஞ்சு சதவீதம் தாண்டறதா இருந்தா, மத்த பங்குதாரர்களுக்கும் ஆஃபர் கொடுக்கணும். ஒங்க பங்கையும் வாங்கிக்கறேன்னு பகிரங்கமா சொல்லணும். தனக்கு வேண்டியவங்ககிட்ட மட்டும் ரகசியமா வாங்கிக் கம்பெனியைப் பிடிச்சுட்டு, மத்தவங்களை அம்போன்னு விடக் கூடாது. அதுக்குத்தான் இந்த விதி."

"பதிய மாட்டோம்னு திருப்பி அனுப்பிடலாமா சார்?"

"முன்ன மாதிரி போர்டுக்குப் பிடிக்கலைன்னு திருப்ப முடியாது. நிர்வாகமே கை மாறி கம்பெனிக்குக் கெடுதல் வரும்னு போர்டு நெனைச்சா, ரெண்டு மாசத்துக்குள்ள கம்பெனி சட்டத்தைப் பாக்கற வாரியத்துக்கு எழுதணும். அவங்க சொல்றபடிதான். எம்.டி. கிட்ட பேசறேன். அதுவரைக்கும் இது இந்த அறையைத் தாண்டக் கூடாது. வீட்டுல கூட."

எம்.டி. துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். தன் தகப்பனார் ஆரம்பித்த கம்பெனியை யாரோ வெளியூர்க்காரர் சந்தையில் வாங்கிக்கொண்டிருக்கிறார். செக்ரெட்டரி சார் அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார். "எல்லாத்தையும் பதிஞ்சிடுங்கன்னு சொல்லிட்டாரும்மா. சிரிச்சுண்டே சொன்னார்."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிபடவில்லை. அன்று முதல் எனக்கு உட்கார்ந்தால் நிலைகொள்ளவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் எழுந்து நின்றேன். அடுப்பில் பால் வைத்துவிட்டு வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். என் வீட்டுக்காரர், "ஆபீஸ்ல சண்டையா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைனி வந்தாள். மைனி என் வீட்டுக்காரரின் அக்கா. லோதி ரோடு பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் வாத்தியார். நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். இருபது வருஷம் டில்லியில் இருந்தும் அவள் பேச்சில் தாமிரபரணித் தண்ணீர்தான் ஓடும், நடுநடுவே கொஞ்சம் இந்தி மிதக்கும். எங்கள் கம்பெனியின் இருநூறு பங்குகள் அவளிடம் இருந்தன. நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே வாங்கியவை.

அவள் வீட்டுக்காரர் ஓய்வுபெறப் போகிறார். சர்க்கார் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஜனக்புரியில் ஒரு பிளாட் பேசி வைத்திருந்தார்கள்.

"ஏட்டி, ஒங்க கம்பெனி பங்கு நாப்பத்தொண்ணு ஆயிட்டாமே. ரெண்டு மாசத்துக்கு முந்தி இருவத்தஞ்சுதான் இருந்துச்சி. வித்திரட்டுமா?"

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "அத நான் எப்படிச் சொல்லுதது மைனி."

"நீ அங்கனதான இருக்க? ஒனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

"பங்கு வெலை எங்களுக்கும் தெரியாது. பேப்பர்லதான் பாக்கோம்."

"வெலைய விடு. எதுக்கு ஏறுதுன்னு தெரியும்லா?"

கத்தி பலகையில் நின்றது. ஐந்து கடிதங்களும் கண் முன்னால் வந்தன. அந்த நாளில், உள்ளே இருப்பவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பங்கு வியாபாரம் செய்தால் தண்டிக்கத் தனிச் சட்டம் கிடையாது. என் வேலை உத்தரவில், அலுவலக விஷயத்தை வெளியே பேசக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. அவ்வளவுதான் எனக்கும் மைனிக்கும் நடுவில். மேலும் நான் அறிந்ததும் அரைகுறை. யாரோ வாங்குகிறார்கள் என்று தெரியும். எங்கே போய் நிற்கும் என்று தெரியாது.

"என்னயக் கேக்காதிய மைனி" என்றேன். "ஒங்களுக்கு எது சரின்னு படுதோ அதச் செய்ங்க."

"அச்சா" என்று மட்டும் சொன்னாள். அந்த வாரமே விற்றுவிட்டாள்.

ஜனவரிக் குளிரில் எம்.டி.யின் சிரிப்புக்கு அர்த்தம் கிடைத்தது. அவருடைய காரியதரிசி ஒரு கட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். எம்.டி. குடும்பத்தின் பதினான்கு சதவீதப் பங்குகளும் அதில் இருந்தன. இரண்டு புதிய கம்பெனிகளின் பெயருக்குச் சரிபாதியாக மாற்றச் சொல்லிப் பாரங்கள். பாரத்தில் எழுதியிருந்த விலை தொண்ணூறு ரூபாய். அன்று சந்தையில் நாற்பத்து மூன்று.

பத்திரங்களை அனுப்ப வேண்டிய விலாசத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதே தெரு. அதே நான்காவது மாடி.

சாரின் அறைக் கதவைத் தட்டாமலே உள்ளே போய்விட்டேன். "ஏழு கம்பெனியும் ஒரே ஆள் சார். இருபத்திரண்டும் பதினாலும் முப்பத்தாறு. இருபத்தஞ்சைத் தாண்டிட்டாங்க. ஆஃபர் இல்ல. எம்.டி. குடும்பத்துக்கு மட்டும் தொண்ணூறு."

சார் அந்தப் பழுப்பு ஃபைலை மறுபடியும் எடுத்துப் பிரித்தார்.

"நாம சொல்றோம் ஒரே ஆள்னு. காகிதத்துல ஏழு ஆள். ஒருத்தரும் பத்தைத் தாண்டலை. விதியில 'ஒருவர்'னுதான் இருக்குன்னு வக்கீல் வாதாடுவார்."

"அப்ப விட்டுடலாமா?"

"இன்னொரு கஷ்டமும் இருக்கு. கேட்டுக்கோ. இந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது நம்ம கம்பெனி. வாங்கறவன் போடலை. அவன் மீறினா சந்தை அவனை என்ன செய்ய முடியும்? நம்ம பங்கைப் பட்டியல்லேர்ந்து எடுக்கலாம். எடுத்தா யாருக்கு நஷ்டம்? அந்த மீரட் குமாஸ்தாவுக்கு. அவர் பங்கை விக்கக்கூட எடமில்லாமப் போயிடும். காப்பாத்தறதுக்கு வெச்ச கம்பு காப்பாத்த வேண்டியவன் தலையிலயே விழும்."

நான் நாற்காலியில் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன் என்று பிறகு அவர்தான் சொன்னார்.

"உட்காரும்மா. தலை சுத்தறது."

"சார், யார் சரின்னு தீர்மானிக்கிறது நம்ம வேலை இல்லை. சந்தைக்குத் தெரியப்படுத்தறது நம்ம வேலைதானே? ஒரே விலாசம்னு மட்டும் எழுதுவோம். ஊகம் ஒண்ணும் வேண்டாம்."

"எம்.டி. என்னைக் கூப்பிட்டு, நீ என்ன போலீஸான்னு கேப்பார்."

"கேக்கட்டும் சார்."

"ஒனக்குச் சொல்றதுக்கென்ன" என்றார். கோபமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. நான் என் இடத்துக்கு வந்துவிட்டேன். மூன்று நாட்கள் அந்தக் கட்டு என் இழுப்பறையிலேயே கிடந்தது. காரியதரிசி தினமும் இரண்டு தடவை வந்து "ஹோ கயா?", முடிந்ததா, என்று கேட்டார். கையெழுத்துகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பொய் சொன்னேன். ஒப்பிட என்ன இருக்கிறது? எம்.டி.யின் கையெழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டே நான் போட்டுக் காட்டுவேன்.

நான்காம் நாள் காலை சார் என்னைக் கூப்பிட்டுத் தன் கையால் எழுதிய கடிதத்தைக் கொடுத்தார். பங்குச் சந்தைக்கு. ஏழு பெயர்கள், ஒவ்வொன்றின் பங்கு, விலாசம், அவ்வளவுதான். நகல், எங்கள் போர்டில் நிதி நிறுவனங்களின் சார்பில் இருந்த டைரக்டருக்கு. "ஜல்தி டைப் பண்ணச் சொல்லு. சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தைரியம் போயிடும்."

அதே வாரம்தான் மைனியின் பத்திரங்கள் என் மேஜைக்கு வந்தன. ஐந்து கம்பெனிகளில் ஒன்று அனுப்பிய கட்டில், எண்பது தொண்ணூறு பாரங்களுக்கு நடுவில் இருந்தன. மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்தேன். பங்கு வாங்கியபோது தமிழில் அழகாகப் போட்டிருந்தாள். பாரத்தில் ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தாள். புரோக்கர் ஆபீஸில் அவசரமாகப் போட்டிருப்பாள்.

வேறு யாருடையதாக இருந்தாலும் யோசித்திருக்க மாட்டேன். கையெழுத்து பொருந்தவில்லை என்று ஒரு சீட்டு வைத்துத் திருப்பி அனுப்புவேன். தினமும் செய்கிற வேலை. ஆனால் இதைத் திருப்பினால் அவள் விற்றது முடியாமல் நிற்கும். நாளைக்குத் தொண்ணூறு ரூபாய் ஆஃபர் வந்தால்? விதிப்படி செய்கிறேனா, மைனிக்காகச் செய்கிறேனா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. திருப்பாமல் விட்டால் அதுவும் தப்பு.

சாரிடம் கொண்டுபோனேன். "இது என் நாத்தனார் சார். நான் பாக்கக் கூடாது. நீங்க பாருங்க."

அவர் அட்டையையும் பாரத்தையும் பார்த்தார். "இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு? ஒண்ணு தமிழ், ஒண்ணு இங்கிலீஷ். திருப்பு." சீட்டில் அவரே கையெழுத்துப் போட்டார்.

போர்டு கூட்டம் பிப்ரவரியில் நடந்தது. நான் பதிவேட்டோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்து என்னை உள்ளே கூப்பிட்டார்கள். நிதி நிறுவனங்களின் டைரக்டர் குள்ளமான, மெதுவாகப் பேசுகிற மனிதர். அந்த ஏழு கடிதங்களையும் காட்டச் சொன்னார். மேஜையில் வரிசையாக வைத்தேன். கடிதங்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று சேரவே இல்லை. அவர் விலாசங்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். ஏழாவதைப் படிக்கும்போது எம்.டி. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வக்கீல்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்" என்று அந்த டைரக்டர் இந்தியில் சொன்னார். "எங்களிடம் முப்பது சதவீதம் இருக்கிறது. உங்களுக்குக் கிடைக்கும் விலை, ஐம்பது பங்கு வைத்திருப்பவருக்கும் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் புதிய நிர்வாகத்துக்கு எங்கள் ஓட்டு கிடையாது."

விதி செய்ய முடியாததை அந்த ஓட்டு செய்தது. பங்குச் சந்தையும் விளக்கம் கேட்டு எழுதியது. மூன்று வாரத்தில் பத்திரிகைகளில் அரைப் பக்க அறிவிப்பு வந்தது. வாங்குபவர் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வெளியே வந்தார். விருப்பமுள்ள எல்லாப் பங்குதாரர்களிடமிருந்தும் தொண்ணூறு ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாக அறிவித்தார். குடும்பத்தின் பங்குகளை அதற்குப் பிறகுதான் பதிந்தோம்.

மறுநாளிலிருந்து எங்கள் கவுன்டரில் கூட்டம். ஸ்வெட்டர் போட்ட ஓய்வூதியக்காரர்கள், பத்திரத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வந்த பெண்கள். இந்தியிலும் தமிழிலும் சொன்னதையே சொன்னேன். விற்கத்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை, வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் வந்தாலும் கடைசி நாள் வந்தாலும் அதே விலை, முண்டியடிக்க வேண்டாம். வாசலில் எவனாவது எழுபத்தைந்து தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள். புதிய ஆள் யார், கம்பெனியை என்ன செய்யப்போகிறார் என்று கடிதத்தில் இருக்கிறது, படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு கிழவர், "நானும் முதலாளியும் ஒரே விலையா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஆமாம் என்றேன். அந்தச் சில நாட்கள் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கூட்டத்தில் ஒவ்வொரு புதுத் தலையும் மைனியாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் ஆபீஸுக்கு வரவில்லை, வீட்டுக்கு வந்தாள். கையில் இரண்டு காகிதங்கள். ஒன்று ஆஃபர் கடிதம். பதிவேட்டில் இன்னும் அவள் பெயரே இருந்ததால் அவளுக்கும் போயிருந்தது. இன்னொன்று புரோக்கரின் ஆள் கொண்டுவந்து கொடுத்த புது டிரான்ஸ்ஃபர் பாரம்.

"தமிழ்ல கையெழுத்து போட்டுக் குடுங்கன்னு அந்த பையா வாசல்லயே நிக்கான். நாளைக்கு வாடான்னு அனுப்பிட்டேன். ஏட்டி, எம்பேர்தான இன்னும் இருக்கு? எனக்குத்தான கடுதாசி வந்துருக்கு? நான் எதுக்குக் கையெழுத்து போடணும்?"

என் வீட்டுக்காரர் ரேடியோவை அணைத்தார்.

"மைனி, பேரு ஒங்க பேருதான். ஆனா பங்கு ஒங்களுது இல்ல. நீங்க வித்து ரூவாயும் வாங்கியாச்சு. பத்திரமும் அவுங்க கைல இருக்கு. பத்திரம் இல்லாம இந்த ஆஃபருக்கு நீங்க எழுதிக் குடுக்க முடியாது."

"கையெழுத்து போடலேன்னா?"

"சரியான கையெழுத்தோட பங்க ஒப்படைக்கலேன்னா புரோக்கர் இன்னைக்கு வெலைல வேற இருநூறு பங்கு வாங்கி அவுங்களுக்குக் குடுக்கணும். அந்த வித்தியாசத்த ஒங்ககிட்டதான் கேப்பாரு. இப்ப சந்தையில எம்பத்தெட்டு."

அவள் கணக்குப் போடவில்லை. என்னையே பார்த்தாள். "அன்னைக்கு வெங்காயம் நறுக்கிட்டிருந்தியே, அப்பமே ஒனக்குத் தெரியுமா?"

"யாரோ வாங்குதாங்கன்னு தெரியும். தொண்ணூறு வரும்னு தெரியாது."

"யாரோ வாங்குதான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பொறுத்திருப்பம்லா."

"ஆமா."

"எல்லாருக்கும் ஒரே வெலைன்னு பேப்பர்ல போட்டுருக்கான். எனக்கு மட்டும் எங்கட்டி ஒரே வெல?"

ஆஃபர் வரும் நாளில் கையில் பங்கு வைத்திருப்பவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. அதற்கு முந்தின நாள் விற்றவருக்கு எதுவும் இல்லை. மூன்று மாதமாக நான் அடித்த பெயர்களெல்லாம் அப்படிப்பட்டவர்கள்தான். இதை அவளிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல, ஆறுதல் சொல்கிறேனா, என்னைக் காப்பாற்றிக்கொள்கிறேனா என்று சந்தேகமாக இருந்தது.

"ஒங்களுக்கு மட்டும் சொல்லியிருந்தா, அவுங்களுக்கெல்லாம் நான் என்ன சொல்லுவேன் மைனி?"

"அவுங்க ஒங்க வீட்டுக்கு வந்து காப்பி குடிக்காவளா?"

பேனாவைக் கேட்டாள். என் வீட்டுக்காரர் கொடுத்தார். தமிழில், பள்ளிக்கூட நோட்டில் போடுவதைப்போல நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அந்தப் பாரம் பத்து நாளில் திரும்ப எங்களிடம் வந்தது. சார்தான் பார்த்துப் பதியச் சொன்னார். பதிவேட்டில் அவள் பெயரை நான்தான் அடிக்க வேண்டியிருந்தது. பங்குப் பிரிவில் வேறு ஆள் கிடையாது.

எம்.டி. பணத்தை வாங்கிக்கொண்டு விலகினார். புதிய நிர்வாகம் சாரை ஒன்றும் செய்யவில்லை. பணிக்காலம் முடியும்வரை இருந்துவிட்டுக் கும்பகோணம் போனார். என்னைப் பற்றி யாரிடம் என்ன சொல்லியிருந்தார்களோ, ஒரு வருஷம் எனக்குச் சம்பள உயர்வு வரவில்லை. பிறகு வந்தது. கம்பெனி நன்றாகத்தான் நடந்தது. பல வருஷம் கழித்து இந்த விதிகளெல்லாம் சட்டமாகி, சேர்ந்து வாங்குபவர்களை ஒரே ஆளாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும், ஐந்து சதவீதம் தாண்டினாலே வெளியே சொல்ல வேண்டும் என்றும் வந்தபோது, நான் வேறு கம்பெனியில் இருந்தேன். அப்படி ஒரு அறிவிப்பு அந்தத் தீபாவளிக்கு வந்திருந்தால் மைனிக்கு நான் எதுவுமே சொல்ல வேண்டியிருந்திருக்காது. பேப்பரே சொல்லியிருக்கும்.

மைனி ஜனக்புரி பிளாட்டை வாங்கினாள். கீழ்த்தளம் கட்டுப்படியாகவில்லை, மூன்றாம் மாடி. கிரகப்பிரவேசத்துக்குத் தன் தம்பியை மட்டும் போனில் கூப்பிட்டாள். நானும் போனேன். வாசலில் குங்குமச் சிமிழை நீட்டினாள், பேச்சு இல்லை. சாப்பாட்டு நேரத்தில் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றவள், கூட்டத்தில் என்னைப் பார்த்து, "சும்மா நிக்கியே, அந்தக் கூட்டு வாளிய எடு" என்றாள்.

எடுத்தேன். கடைசிப் பந்தி முடியும்வரை கீழே வைக்கவில்லை.